ஆணியா போல்ட்டா: 75 மி.மீ. கட்டையில் எது நிற்கும்?

பெங்களூரு வீட்டு மொட்டைமாடிப் பந்தலுக்கு 40×75 பைன் கட்டைகள் எடுத்தோம். நீளம் போதாத இடத்தில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்க்க வேண்டும், இழுவை நார் ஓடும் திசையில். ஆசாரி "12 போல்ட் ஒண்ணு போதும் சார்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்து நான் ஆணிக்குப் போனேன்.

போல்ட் கழற்றி மாட்டலாம், ஆணி மலிவு, இதெல்லாம் தெரிந்ததுதான். விஷயம் ஓர விலக்கத்தில், அதாவது துளைக்கும் கட்டையின் ஓரத்துக்கும் நடுவே விடும் தூரத்தில் இருக்கிறது.

டென்மார்க் பொறியாளர் யோஹான்சன் 1949-இல் கொடுத்த வழிதான் இன்றைக்கும் ஐரோப்பிய மரக் கட்டுமான விதியான யூரோகோட் 5-இல் இருக்கிறது: கட்டை நசுங்கலாம், ஆணியோ போல்ட்டோ ஓரிடத்தில் அல்லது ஈரிடத்தில் வளையலாம், எது குறைந்த சுமையில் நடக்கிறதோ அதுதான் தாங்குதிறன். மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 350 கிலோ என்று வைத்தால், 12 மி.மீ. 4.6 தர போல்ட் 40 மி.மீ. கட்டையில் வளைவதே இல்லை. நேராகவே சாய்ந்து மரத்தை நசுக்குகிறது, சுமார் 5 கிலோநியூட்டன். வாஷர் பிடிப்பால் கிடைக்கும் கூடுதலை முழுதாகச் சேர்த்தாலும் 6.3. 16 மி.மீ.க்கு மாறினால் எஃகு வீண், வாஷர் சேர்க்காமல் 6.4தான். 4 மி.மீ. ஆணியோ (75 நீளம், முன்துளை போட்டது) இரண்டு இடத்தில் வளைந்து, எஃகை முழுசாக உழைக்க வைக்கிறது: ஆணிக்கு 1.39. ஆறு ஆணிக்கு 8.3.

இப்போது இடம். போல்ட்டுக்கு இழுபடும் நுனியிலிருந்து 7 விட்டம், அதாவது 84 மி.மீ.; இரண்டு கட்டைக்கும் சேர்த்து 168 மேற்படிவு. பக்கவாட்டில் 3 விட்டம், இருபுறமும் 36, ஆக 72. கட்டையோ 75! துளை இரண்டு மி.மீ. தள்ளினாலே ஒரு பக்கம் குறைந்துவிடும், அப்புறம் நுனி பிளந்தால் முன்னறிவிப்பே கிடையாது. ஆணிக்கு நுனியில் 12 விட்டம் என்றாலும் அது 48தான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, நடுவே 20 மி.மீ. விட்டால் மொத்தம் 136. பக்க ஓரம் 12 போதும். ஆனால் ஒரே வரிசையில் உள்ளவற்றை நாருக்குக் குறுக்கே 4 மி.மீ. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நேர்கோட்டில் அடித்தால் குழுக் குறைப்பு வந்து ஆறு ஆணியும் ஆறாகக் கணக்காகாது.

துளை 3 மி.மீ. போட்டோம், ஆணி விட்டத்தில் 0.8-க்குள். துளை இல்லாமல் அடித்தால் இடைவெளியெல்லாம் கூடும்: அடுத்தடுத்த ஆணிக்கு 10 விட்டம், நுனிக்கு 15.

மேலே சொன்ன தாங்குதிறன் எண்கள் சிறப்பியல்பு மதிப்புகள், அதாவது பாதுகாப்புக்கான குறைப்பு இன்னும் சேர்க்காதவை. வெயில் மழையில் நெடுநாள் சுமைக்கு 0.42-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். என் கை பைனோடுதான் பழகியது, சால் போன்ற கடின மரத்துக்கு இதே தைரியத்தில் சொல்ல மாட்டேன். 100 மி.மீ. தூணும் இருபுறமும் எஃகுத் தகடும் இருந்தால் நானே போல்ட் பக்கம்தான், அங்கே அது வளைய மரம் போதுமான அளவு இருக்கிறது.