கிம்பலில் மோட்டாரைவிட ரப்பர் பந்துக்குத்தான் அதிக வேலை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

450 அளவு குவாட்காப்டரின் அடியில் தொங்கி, கேமராவை ஆடாமல் பிடிக்கும் இரண்டு அச்சு கிம்பல் ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 2208 அளவில், 80 சுற்றுக் கம்பி கட்டிய இரண்டு பிரஷ்லெஸ் மோட்டார்கள், அவற்றை இயக்கும் SimpleBGC போர்டு, கேமராவோடு ஒட்டியிருந்து சாய்வை அளக்கும் MPU6050 சென்சார், மேலே ஒரு கோப்ரோ. மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் நான்கு ரப்பர் பந்துகள் இணைக்கின்றன. மோட்டார், போர்டு எல்லாம் சொன்னதைச் செய்கின்றன. படம் நன்றாக வருமா வராதா என்பதை முடிவு செய்வது அந்த நான்கு பந்துகள்தான். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியே.

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். கிம்பல் மோட்டார் திருத்துவது கோணத்தை மட்டும். குவாட் முன்னால் சாய்ந்தாலும், காற்றில் ஆடினாலும், கேமராவை அடிவானத்துக்கு நேராக வைத்திருக்கும். நொடிக்குச் சில முறை நடக்கும் ஆட்டம் வரை அதற்குக் கைவந்த கலை. ஆனால் ப்ரொப்பெல்லரிலிருந்து வரும் நடுக்கம் அந்த வேகத்தில் வருவதில்லை. என் குவாட் 10 அங்குல ப்ரொப்பெல்லரோடு ஓரிடத்தில் நிற்கும்போது மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 5400 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90. ப்ரொப்பெல்லர் பேலன்ஸ் சரியில்லை என்றால் 90 ஹெர்ட்ஸில் நடுங்கும். இரண்டு இறக்கை என்பதால் 180-லும் ஒரு நடுக்கம் இருக்கும். மோட்டார் அவ்வளவு வேகமாகத் திரும்பி ஈடுகட்ட முடியாது. தவிர, அந்த நடுக்கத்தில் பெரும்பங்கு மேலும் கீழுமாக, பக்கவாட்டாக உதறுவது. அதில் கோணமே இல்லை, மோட்டாருக்குத் திருத்த எதுவும் இல்லை. போர்டில் உள்ள P, I, D என்ற ட்யூனிங் எண்களை எவ்வளவு மாற்றினாலும், நடுக்கத்தால் படம் ஜெல்லி மாதிரி நெளியும் ஜெல்லோ போகாததற்குக் காரணம் இதுதான்.

ஜெல்லோவா, கிம்பல் ஆட்டமா என்று பிரித்துப் பார்க்க, வீடியோவை ஒரு ஃபிரேமில் நிறுத்துங்கள். கேமரா சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது. அதற்கு 20 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 90 ஹெர்ட்ஸ் நடுக்கம் அந்த ஒரே ஃபிரேமுக்குள் கிட்டத்தட்ட இரண்டு அலையாகப் பதியும். நேராக நிற்கும் மின்கம்பம் பாம்பு மாதிரி நெளிந்து தெரியும். அப்படி நெளிந்தால் குற்றம் ரப்பர் பக்கம் அல்லது ப்ரொப்பெல்லர் பக்கம். கம்பம் நேராக இருந்து, ஓடவிட்டால் படம் முழுவதும் ஆடினால் அது கிம்பல் ட்யூனிங் பிரச்சினை.

சரி, பந்துக்கு வருவோம். கடையில் மென்மை, கடினம் என்று நிறம் பிரித்துக் கொடுப்பார்கள். என் கிம்பலோடு வந்தவை கடினமானவை. தொங்கும் எடை, கேமராவையும் சேர்த்து, 220 கிராம்தான். ஆக ஒரு பந்துக்கு 55 கிராம். இந்த எடைக்கு அந்தப் பந்து இழுபடவே இல்லை. இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாரம் இல்லாமலும், கேமராவைப் போட்டும் வெர்னியரில் அளந்தால் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். இந்த ஒரு எண் போதும், பந்து எந்த வேகத்தில் தானாக ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம்:

```
f = 15.8 / √δ     (δ அந்த வித்தியாசம், மில்லிமீட்டரில்; f ஹெர்ட்ஸில்)
```

0.3 மி.மீ. என்றால் 29 ஹெர்ட்ஸ். இதைவிடச் சுமார் 1.4 மடங்கு வேகத்துக்கு மேல்தான் ரப்பர் நடுக்கத்தைக் குறைக்கவே தொடங்கும். அதற்குக் கீழே கூட்டிக்கூடக் கொடுக்கும். 90 ஹெர்ட்ஸில் கணக்குப்படி எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ளே நுழைகிறது. வெயிலில் எடுத்த படத்தில் ஜெல்லோ தெரிய அதுவே தாராளம். மென்மையான பந்து மாற்றியதும் வித்தியாசம் 1.5 மி.மீ. ஆனது. 13 ஹெர்ட்ஸ். இப்போது நுழைவது கணக்குப்படி ஐம்பதில் ஒரு பங்கு. நடைமுறையில் அவ்வளவு சுத்தமாக இராது. ரப்பர் நடுங்கும்போது, சும்மா தொங்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும். ஆனாலும் மின்கம்பம் நேரானது.

அப்படியானால் இன்னும் மென்மையாகப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தேன். பந்தின் ஆட்டம் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க, கிம்பல் மோட்டார் வேலை செய்யும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. மோட்டார் கேமராவைத் திருப்பத் தட்டை உதைக்கும், தட்டு ஆடும், அந்த ஆட்டத்தைச் சென்சார் பார்த்து மோட்டார் மறுபடி உதைக்கும். கண்ணுக்குத் தெரியும்படி முழுக் கிம்பலும் உதறும். கண்டுபிடிப்பது எளிது: உதறும்போது தட்டை விரலால் லேசாகப் பிடியுங்கள். நின்றுவிட்டால் பந்துதான் காரணம். அதனால்தான் ட்யூனிங்கை மேசையில் கிளாம்ப் போட்டுச் செய்யக் கூடாது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கிம்பல் குவாட்டில் தொங்கும் நிலையிலேயே செய்ய வேண்டும். I-ஐ மிகக் குறைவாக வைத்து, உதறல் தொடங்கும் வரை P-ஐ ஏற்றுங்கள். அப்புறம் D-ஐ ஏற்றி அதை அடக்குங்கள். D அதிகமானால் மோட்டார் சன்னமாகக் கீச்சிடும், அங்கிருந்து கொஞ்சம் இறங்குங்கள். I கடைசியில். இதற்கெல்லாம் முன்னால் கேமராவை எடைச் சமநிலையில் பொருத்தியிருக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மோட்டாருக்குப் போகும் POWER அளவைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டியிருக்கும், மோட்டார் சுடும்.

வயர் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. பந்து மாற்றியும் எனக்கு ஜெல்லோ ஒரு மூலையில் மிச்சம் இருந்தது. கேமராவிலிருந்து வீடியோ டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் தடித்த கேபிள், இரண்டு தட்டுக்கும் குறுக்கே விறைப்பாகப் போனது. ரப்பரைச் சுற்றிப் பாலம் போட்டது மாதிரி, நடுக்கம் அது வழியாக நேராகக் கேமராவுக்கு வந்துகொண்டிருந்தது. மெல்லிய சிலிக்கான் வயருக்கு மாற்றி, தளர்வாக ஒரு வளையம் விட்டுத் தொங்கவிட்டேன், போய்விட்டது. பந்து கிழிந்தால் கேமரா விழாமல் இருக்கக் கட்டும் நூலுக்கும் இதே விதி. இறுக்கிக் கட்டினால் பந்து இருந்தும் இல்லாத மாதிரிதான். சென்சார் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம். கிம்பல் திடீரென்று வெட்டி இழுத்தால், போர்டின் மென்பொருள் திரையில், சென்சார் தொடர்பில் வரும் பிழைகளைக் காட்டும் I2C errors எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

மாலையில் ஜெல்லோ குறைவாகத் தெரிவதற்குக் காற்று அடங்கியதைக் காரணமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் ஷட்டர்தான் காரணம். உச்சி வெயிலில் 1/1600-ல் ஓடும் ஷட்டர் ஒவ்வொரு நெளிவையும் கூர்மையாகப் பிடிக்கும். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் ND8 ஃபில்டர் போட்டால் 1/200 ஆகி நெளிவு மங்கிவிடும். ஆனால் நடுக்கம் அப்படியேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஃபில்டரின் எடை முன்பக்கம் சேர்வதால் சமநிலையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பந்துகள் நிரந்தரம் இல்லை. காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் சீக்கிரமே கழுத்துப் பகுதியில் மயிரிழை வெடிப்பு விடும். விரலால் பந்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று மட்டும் தளர்ந்தால் தட்டு ஒரு பக்கம் சாயும், அதனால் நான்கையும் சேர்த்தே மாற்றுகிறேன். மோட்டாரை இதுவரை மாற்றவில்லை, பேரிங்கில்கூட ஆட்டம் இல்லை.

இந்தக் கிம்பலில் இன்னும் தீராத குறை ஒன்று. நீண்ட வளைவாகத் திரும்பினால் அடிவானம் மெல்லச் சாய்ந்து, நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகு சில நொடியில் சரியாகும். வளைவில் பக்கவாட்டாக வரும் விசையைச் சென்சார் புவியீர்ப்போடு சேர்த்து எண்ணி, கீழ் என்பது வேறு பக்கம் என்று நம்பிவிடுகிறது. சுழற்சியை அளக்கும் கைரோவை அதிகம் நம்பச் சொல்லும் Gyro trust அமைப்பைக் கூட்டியதில் குறைந்தது, போகவில்லை. வட்டமடித்து எடுக்க வேண்டிய காட்சிகளை அகலக் கோணத்தில் எடுத்து, எடிட்டிங்கில் நிமிர்த்திக்கொள்கிறேன்.