சளியோடு வரும் வீசிங்: ஆவியா, சிரப்பா, பஃப்பா, ஊசியா?

மார்கழிப் பனி முடிந்து தை அறுவடைத் தூசி கிளம்பும் நாட்களில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: "நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது." மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இப்படி வருகிறவர்களில் பலருக்கு ஆஸ்துமா கிடையாது, சின்ன வயதில் இழுப்பு வந்ததும் இல்லை, சளி பிடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ராத்திரி படுத்ததும் மூச்சை விடும்போது மட்டும் விசில் கேட்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அம்மா ஆவி பிடிக்கச் சொல்வார், மச்சான் சிரப் வாங்கி வருவார், பக்கத்து வீட்டுக்காரர் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்பார். வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் பஃப் என்று யாராவது சொன்னால் மட்டும் எல்லோரும் சேர்ந்து "அய்யோ, அது பழகிடும்" என்பார்கள். இந்த நாலில் எது எதற்கு ஆகும் என்று பார்ப்போம்.

முதலில் விசில் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நாலும் ஒன்றுபோலத்தான் தோன்றும். வயல் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். கரை உள்பக்கம் சரிந்து வாய்க்கால் குறுகியிருக்கும், வண்டலும் வெங்காயத்தாமரையும் அடைத்திருக்கும், இல்லையென்றால் மதகுப் பலகை இறங்கியிருக்கும். மூச்சுக்குழாயிலும் அப்படித்தான். வைரஸ் தாக்கியதில் உள்சுவர் வீங்குவது கரை சரிவது போல. ஊறி நிற்கும் சளி வண்டல். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது மதகு இறங்குவது. ஆஸ்துமாக்காரருக்கு மதகு எளிதில் இறங்கும், அதனால் அங்கே மருந்து பட்டதும் சட்டென்று தெரியும். சாதாரண ஆளுக்குச் சளியில் வரும் வீசிங்கில் பெரும்பங்கு வீக்கமும் சளியும்தான். கூடவே வைரஸ் குழாயைக் கொஞ்ச நாளைக்குச் சொரணை மிகுந்ததாக ஆக்கிவிடுவதால், கொசுவர்த்திப் புகை, அறுவடைத் தூசி, குளிர்காற்று பட்டால் தசையும் சற்று இறுகும். மூச்சை வெளியே விடும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, ஏற்கெனவே குறுகிய குழாய் இன்னும் நசுங்குகிறது, அதனால்தான் விசில் அப்போது கேட்கிறது. குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்கல்ல, கணக்குப்படி 16 மடங்கு. சின்ன வீக்கத்துக்கே இவ்வளவு சத்தம் வர அதுதான் காரணம்.

எது அதிகம் என்று ஓரளவுக்கு வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். நன்றாக இருமி, சளியை எடுத்துவிட்டு, மறுபடி மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள். சத்தம் மறைந்தால் அல்லது இடம் மாறினால் அது பெரும்பாலும் சளி அடைப்பு. அப்படியே நின்றால் வீக்கமோ இறுக்கமோ இருக்கிறது.

ஆவி. இந்த மூன்றில் எதையும் தொடாது. நீராவி மூக்கிலும் தொண்டையிலுமே குளிர்ந்து நீராகிவிடும், நெஞ்சின் சின்னக் குழாய்வரை மருந்துபோலப் போய் வேலை செய்யாது. மூக்கடைப்பு குறைந்து தூக்கம் வரும், அதற்காக வேண்டுமானால் பிடிக்கலாம். நொச்சி போட்டாலும் இதேதான். தைலத்தையும் கற்பூரத்தையும் கொட்டி, போர்வை போர்த்தி, நெடி கண்ணில் ஏற ஏறப் பிடிப்பது மட்டும் வேண்டாம், சொரணை மிகுந்த குழாய்க்கு அந்த நெடியே போதும் இறுகிக்கொள்ள. கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தை பக்கத்தில் வைத்து வெந்துபோன கதை எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒன்று இருக்கும்.

சிரப். இங்கேதான் குழப்பம் அதிகம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். சளி சிரப் என்று கேட்டு வாங்குகிற பாட்டில் பலவற்றில் சளியை இளக்கும் மருந்தோடு சால்பூட்டமாலோ டெர்பூட்டலினோ சேர்ந்திருக்கிறது. இவை மதகைத் தூக்கும் மருந்துகள், பஃப்பில் இருப்பதும் இதே குடும்பம்தான். வித்தியாசம் போகிற வழியில். ஒரு பஃப் அழுத்தினால் சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம். மாத்திரையாக விழுங்கினால் 4 மில்லிகிராம், அதாவது 40 பஃப் அளவு, அது வயிறு, ரத்தம், ஈரல் எல்லாம் சுற்றி வந்து கடைசியில் கொஞ்சம் நெஞ்சுக்கு வரும். வேலை தொடங்க நேரமாகும், வழியில் இதயத்தையும் கையையும் ஒரு கை பார்த்துவிடும். படபடப்பு, விரல் நடுக்கம், தூக்கமின்மை இதனால்தான். ஆக "பஃப் ஸ்ட்ராங், சிரப் சாஃப்ட்" என்று நம்பி சிரப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் உண்மையில் அதே மருந்தைப் பல மடங்கு குடிக்கிறார். பழகிவிடும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. இரண்டு மூன்று நாள் தேவைக்கு எடுத்து நிறுத்துவதால் யாரும் பஃப்புக்கு அடிமையாவதில்லை.

பஃப். மதகை மட்டும் தூக்கும், கரை சரிவையும் வண்டலையும் தொடாது. அதனால் சளி வீசிங் எல்லோருக்கும் இது கேட்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்துமா இல்லாமல் வெறும் இருமல் மட்டும் உள்ள பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில் பயன் தெரியவில்லை, நடுக்கம்தான் தெரிந்தது. உண்மையாகவே வீசிங் கேட்பவர்களில் சிலருக்குத்தான் குறைகிறது. எனவே இதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் சரி என்றபின், பஃப்புக்கும் வாய்க்கும் நடுவில் மருந்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேசர் குழாயை மாட்டி, குப்பியைக் குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, அவசரப்படாமல் ஐந்தாறு மூச்சு இழுத்து விடுங்கள், அப்புறம் குலுக்கி இரண்டாவது. 15 நிமிடம் கழித்து சத்தமும் மூச்சும் குறைந்ததா பாருங்கள். குறைந்தால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் சில நாள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் மாறவில்லையென்றால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், உங்களுக்கு மதகு பிரச்சினையில்லை. ஸ்பேசர் இல்லாமல் வாயில் நேராக அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடும், பிறகு "பஃப் கேட்கவே இல்லை" என்பார்கள். கிளினிக்கில் நெபுலைசர் வைப்பது இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை, சாதாரண வீசிங்குக்கு ஸ்பேசரோடு எடுக்கும் பஃப் அதற்கு ஈடுதான்.

ஊசி என்று நாம் சொல்லுவதில் மூன்று சங்கதிகள் உண்டு. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது, மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வருவதாலேயே பாக்டீரியா என்றும் ஆகிவிடாது. ஸ்டீராய்டு வீக்கத்தை, அதாவது கரையைச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான், ஆனால் 2017-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் ஆஸ்துமா இல்லாத சுமார் 400 பேரில் பாதிப் பேருக்கு தினம் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஐந்து நாள் கொடுத்தும், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இருமல் சீக்கிரம் நிற்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அளவு ஏறுவது மட்டும் நிச்சயம். மூன்றாவது, மதகைத் தூக்கும் இன்னொரு மருந்தான தியோபிலின் வகை. உதவும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு, கூடவே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்தால் ரத்தத்தில் இன்னும் ஏறும். சாதாரணச் சளி வீசிங்குக்கு இதை நான் கடைசியில்கூட வைக்கமாட்டேன்.

போன தையில் வந்த ஒரு அண்ணனைச் சொல்கிறேன். வயது 46, அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், பீடி சிகரெட் கிடையாது, சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. ஐந்தாம் நாள் காலையில் கையெல்லாம் நடுங்க வந்தார்.

"தம்பி, ராத்திரி பூரா விசில். சிரப் குடிச்சும் கேக்கல. நெஞ்சு வேற அடிச்சுக்குது."

"எவ்வளவு குடிச்சீங்கண்ணே?"

"மூடியில மூணு வேளை. கூட உங்க அண்ணி கையில இருந்த மாத்திரையும் போட்டேன்."

பாட்டிலிலும் மாத்திரையிலும் சால்பூட்டமால்தான். உட்காரவைத்து மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு 18. விரல் மீட்டரில் ஆக்சிஜன் 96. முழு வாக்கியமாகவே பேசினார். அவசரம் இல்லை என்று தெரிந்ததும் இரண்டையும் நிறுத்தச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் முதுகில் வைத்துக் கேட்டபோது இரு பக்கமும் ஒரே மாதிரி விசில், இருமச் சொன்னதும் பாதி மறைந்தது. மிச்சம் இருந்ததற்கு மட்டும் ஸ்பேசரோடு பஃப் எழுதினார், ஊசி போடவில்லை என்று அண்ணனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். முதல் இரண்டு பஃப் எடுத்த கால்மணியில் "லேசா இருக்கு" என்றார். ஒரு வாரம் வயலுக்கு மாற்று ஆள் வைத்தார், கொசுவர்த்தி போய் வலை வந்தது. மூன்றாம் நாளே பஃப் தேவைப்படவில்லை, ஒன்பதாம் நாள் விசில் நின்றது, இருமல் மட்டும் 19-ஆம் நாள்வரை ஓடியது. இருமல் மூன்று வாரம் இருப்பது வழக்கம்தான் என்று முன்பே சொல்லியிருந்ததால் மனுஷர் இரண்டாவது வைத்தியத்துக்கு ஓடவில்லை.

சளி இல்லாத காரணமும் சளி மாதிரி நடிக்கும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரவேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்கவேண்டும். பல வருஷம் விறகடுப்பில் ஊதியவருக்கு ஒவ்வொரு சளியிலும் வீசிங் என்றால் நுரையீரலே தேய்ந்திருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கு புரோப்ரனலால் போடுகிறவர் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும், அது மதகை இறக்கும். நம் பகுதிக்கென்று ஒன்று: கும்பகோணம் சுற்றுவட்டாரம் யானைக்கால் நோய்க்கு வெகுகாலம் பேர்போன இடம். அந்தக் கிருமிக்கு நுரையீரல் மிகையாக எதிர்வினை காட்டினால் வாரக்கணக்கில் இரவு இருமலும் வீசிங்கும் வரும், மூக்கு ஒழுகாது, காய்ச்சல் லேசாக இருக்கலாம். பஃப்பும் சிரப்பும் மாற்றி மாற்றி எடுத்து ஓய்ந்துபோவார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு 3000-க்கு மேல் நிற்பது துப்பு, டைஎத்தில்கார்பமசின் மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். மூன்று வாரம் தாண்டிய வீசிங்குக்கு இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வாக்கியம் முடிக்க முடியாமல் திணறல், மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், உதடு நீலம், விசில் நின்றும் மூச்சுத்திணறல் கூடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாலு வழியும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைக்குக் கடலை தின்னும்போது திடீரென்று ஒரு பக்கம் மட்டும் விசில் வந்தால் அதுவும் அப்படித்தான். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் சளி வீசிங் வேறு கதை, பெரியவருக்குச் சொன்ன எதையும் அங்கே பொருத்தாதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.

அறுவடை அண்ணனுக்கு ஆறு வாரம் கழித்துத் தஞ்சாவூரில் ஊதும் பரிசோதனை எடுத்தார்கள், மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் சரியாகவே இருந்தது. அடுத்த சளிக்கும், அதற்கடுத்த சளிக்கும் இதே மாதிரி வந்தால், அல்லது சளியே இல்லாமல் விசில் கேட்டால் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்போது ஆஸ்துமா பற்றிப் பேச்சு வரும். இதுவரை வரவில்லை. ஸ்பேசர் அவர் வீட்டு பீரோ மேல் இருக்கிறது.