வாய் வறட்சி நோய் உள்ளவர்கள் பல்லுக்கு கேப் போடும் முன் இதைப் படிக்கவும்: எனக்குப் போனது ₹1,42,000

கேப் போட்ட பல் இன்னொன்றும் நேற்று ராத்திரி முறிந்துவிட்டது. கேப்புக்குள் என் பல்லின் துண்டு கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினாலே உதிர்கிற அளவுக்கு மெத்தென்று இருந்தது. வலியே தெரியவில்லை, ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல். ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்துப் போட்ட எட்டு கேப்பில் இது மூன்றாவது. ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. கோபம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். என்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ஷோக்ரன் நோய். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் நோய் இது. நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதே என்று கண் டாக்டரிடம் போனேன். அவர் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தார். ஐந்து மில்லிமீட்டர்கூட நனையவில்லை. அங்கிருந்து மூட்டு வாத டாக்டர், ரத்தப் பரிசோதனை என்று போய் நோய் உறுதியானது. அந்த ரிப்போர்ட் முழுவதையும் ஃபைல் போட்டு எடுத்துக்கொண்டுதான் அந்தப் பல் மருத்துவமனைக்குப் போனேன். நிறைய கிளைகள் உள்ள, வாசலிலேயே ஏசி காற்று முகத்தில் அடிக்கிற இடம்.

படிவத்தில் "வேறு நோய் உண்டா" என்ற இடத்தில் நோயின் பெயரை எழுதினேன். வாயிலும் சொன்னேன். அந்த டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டபோது அது கன்னத்தின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, பிய்த்துத்தான் எடுத்தார். அதைப் பார்த்தும் அவர் எச்சிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நிறைய தண்ணி குடிங்கம்மா, எலுமிச்சை மிட்டாய் வாயில போட்டுக்கிட்டா எச்சில் ஊறும்" என்றார். அப்புறம் சிகிச்சைக்குப் பணம் பேசுகிற பெண் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எங்க அம்மாவுக்கா இருந்தா இதைத்தான் செய்வேன். ஜிர்கோனியா சொத்தையே ஆகாது, பத்து வருஷம் வாரண்டி கார்டு தர்றோம்" என்றாள். அந்த இடத்தில்தான் நம்பினேன். மகளுக்கென்று சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்து ₹1,42,000 கட்டினேன்.

ஜிர்கோனியா என்பது கேப் செய்கிற பீங்கான் மாதிரியான பொருள், அது சொத்தை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் கேப்பின் விளிம்பு முடிகிற இடத்தில், ஈறை ஒட்டி இருப்பது என்னுடைய பல். அது ஆகும். இதை எனக்குச் சொன்னவர், எல்லாம் முடிந்த பிறகு நான் போய்ப் பார்த்த அரசு பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை.

அவர் முதலில் என் கையில் ஒரு கப்பைக் கொடுத்து, எதையும் மெல்லாமல் 15 நிமிடம் ஊறுகிற எச்சிலைத் துப்பச் சொன்னார். அந்த நேரத்தில் 1.5 மில்லியும் அதற்குக் கீழும் வந்தால் சுரப்பு மிகக் குறைவு என்று கணக்காம். எனக்கு ஒரு மில்லிகூடத் தேறவில்லை. பைசா செலவில்லாத இந்தச் சோதனையை ₹1,42,000 வாங்கினவர்கள் செய்யவில்லை!

அவர் பொறுமையாக விளக்கினார். எச்சில் என்பது வெறும் ஈரம் இல்லை. சாப்பிட்ட பிறகு வாயில் உருவாகிற அமிலத்தை முறிக்கும் காரமும், கரைந்த பல்லை மறுபடி கெட்டிப்படுத்தும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் வாய் நனையும், அவ்வளவுதான், இந்த வேலை நடக்காது. பல்லின் வெளி எனாமல் அமிலத்தை ஓரளவு தாங்கும். ஈறை ஒட்டிய வேர்ப்பகுதி அதைவிட லேசான அமிலத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். கேப்பின் விளிம்பு வந்து நிற்பதும் அங்கேதான். எலுமிச்சை மிட்டாயோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்தது. எச்சில் இல்லாத வாயில் அதைச் சப்பச் சொன்னதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மருத்துவமனை என்ன சொன்னது தெரியுமா? முதல் கேப் கழன்றபோது, "நீங்க சரியா பிரஷ் பண்ணலை" என்றார்கள். பேராசிரியை என் கீழ் முன்பற்களைக் கண்ணாடியில் காட்டினார். அவற்றின் நுனியிலும் ஈறோரத்திலும் சொத்தை. நாக்கடியில் ஊறும் எச்சில் எப்போதும் கழுவிக்கொண்டிருப்பதால் சாதாரணமாகக் கடைசியில்தான் சொத்தை வருகிற பற்கள் அவை. அங்கேயே வந்திருக்கிறது என்றால் முதலில் எச்சிலைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். இரண்டாவது கேப்புக்கு, "வாரண்டி கேப்புக்குத்தான் மேடம், பல்லுக்கு இல்லை" என்று பதில். கேப் உடையவில்லையாம், அதனால் பணம் கிடையாதாம். தலைமை அலுவலகத்துக்குப் பேசினால் கிளையில் கேளுங்கள் என்கிறார்கள், கிளையில் கேட்டால் அந்த டாக்டர் இப்போது இங்கே இல்லை என்கிறார்கள். என் அம்மாவுக்கா இருந்தா என்று சொன்ன அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. ₹1,42,000 வாங்கும்போது மட்டும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

இந்த நோயில் கேப்பே போடக் கூடாது என்று பேராசிரியை சொல்லவில்லை. முதலில் சொத்தை பரவுவதை நிறுத்த வேண்டும், கேப்புக்காகப் பல்லை இழைப்பது அதற்குப் பிறகு என்றார். எனக்கு இப்போது செய்வது இதுதான். ஈறோரச் சொத்தைகளைச் சுரண்டி, பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃபுளோரைடு கசிகிற கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசுகிறார். வீட்டில் 5000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள, சீட்டு எழுதிக் கொடுத்த பேஸ்ட். கடையில் கிடைப்பதில் பொதுவாக ஆயிரம் பிபிஎம் சுற்றித்தான் இருக்கும். தேய்த்தபின் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது. இடையிடையே சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த சூயிங்கம். சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் எச்சிலைத் தூண்ட பைலோகார்பின் மாத்திரையும் உண்டு. எனக்கு ஆஸ்துமா இருப்பதால் அது வேண்டாம் என்றுவிட்டார். இதெல்லாம் செய்தாலும் போன மூன்று பல் திரும்ப வராது. மீதி ஐந்து கேப்பில் இரண்டின் அடியில் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது.

சரி, சொல்கிறேன் என்றேனே. கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால் பல் டாக்டரிடம் எச்சில் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேப்புக்கு முன் ஃபுளோரைடைப் பற்றி எதுவும் பேசாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். வாரண்டி கார்டில் "விளிம்புச் சொத்தை" சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், புளிப்பு மிட்டாய் வேண்டவே வேண்டாம். பில், எக்ஸ்ரே, நீங்கள் நிரப்பிய படிவத்தின் நகல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நான் நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டால் "சிஸ்டத்தில் இல்லை" என்கிறார்கள். திங்கட்கிழமை எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பப்போகிறேன்.