நீளமான ஜாலியும் நிற்கிற தண்ணீரும்: குளியலறைத் தரையை மாற்றப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். 7 அடி நீளம், 5 அடி அகலம். கதவு ஒரு குட்டைச் சுவரில், ஷவர் எதிர்க் குட்டைச் சுவரில். மூலையில் தண்ணீர் இறங்கச் சாணளவுச் சதுர ஜாலி. பார்க்க லட்சணம் போதாது என்பதைத் தவிர அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தண்ணீர் நின்றதில்லை. அதைத்தான் 92,000 ரூபாய் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

டைல்ஸ் கடை வழியாக வந்த ஒப்பந்தக்காரர் கைப்பேசியில் படம் காட்டினார். 2 அடிக்கு 4 அடி பெரிய டைல்ஸ், சுவரோரம் கோடு கிழித்தாற்போல் ஒரு நீள வடிகால். லீனியர் டிரெயின் என்றார். ஜாலிக்கு மேலும் அதே டைல்ஸ் துண்டு ஒட்டிவிடுவதால் வடிகால் இருப்பதே தெரியாதாம். "இரண்டு அடி நீளம் அண்ணாச்சி, சதுர ஜாலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் இழுக்கும்" என்றார். பழைய தரையை உடைக்க வேண்டாம், மேலேயே ஒட்டிவிடலாம், நான்கு நாளில் வேலை முடியும் என்பதும் அவர் சொன்னதே. எனக்கு அந்த நான்கு நாள்தான் இனித்தது.

முதல் நாள் குளித்துவிட்டு வந்த அம்மா, "எய்யா, தண்ணீர் காலைச் சுற்றியே நிற்கிறது" என்றார். அம்மாவுக்கு 78 வயது. புதுத் தரை, சிமெண்டுப் பால் கழுவிப் போக வேண்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். சிமெண்டுப் பாலுக்கும் தண்ணீர் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். வயதானவர். கையில் கண்ணாடி போல் தெரிகிற பிளாஸ்டிக் குழாய்ச் சுருளும் சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டும் வைத்திருந்தார். கோலிக்குண்டைக் கதவோரம் வைத்தார், அது அசையவில்லை. நடுவில் வைத்தார், சோம்பலாக ஒரு சாண் உருண்டு நின்றது. ஷவருக்கு இடப்பக்க மூலையில் வைத்தார், அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு குழாயில் தண்ணீர் நிரப்பி, கதவுப் பக்கமும் எதிர்ச் சுவரிலும் ஒரே மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டு, இரண்டு கோட்டிலிருந்தும் தரைக்கு அளந்தார். கதவோரம் 24 அங்குலம், எதிர்ச் சுவரோரம் இருபத்துநான்கரை. ஏழு அடிக்கு அரை அங்குல வாட்டம். "அடிக்கு ஒரு மாகாணிதான் வருகிறது, தம்பி. தண்ணீருக்குத் திசை தெரியவில்லை" என்றார். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. குளிக்கிற இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் வேண்டும், அதாவது ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒன்று. எவ்வளவு குறைத்தாலும் அறுபதுக்கு ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது என்பது அவர் கணக்கு. தண்ணீர் எப்போதாவது தெறிக்கும் கதவுப் பக்கத்துக்கு அடிக்கு அரைக்கால் அங்குலம் போதும்.

அந்தக் கணக்கை எங்கள் அறைக்குப் போட்டுப் பாருங்கள். ஷவர் பக்கம் 3 அடிக்கு முக்கால் அங்குலம், கதவுப் பக்கம் 4 அடிக்கு அரை அங்குலம், ஆக ஒன்றேகால் அங்குலம். கூடத்துத் தரையிலிருந்து எங்கள் பழைய குளியலறைத் தரை ஒன்றரை அங்குலம்தான் தாழ்வு. அதன் மேல் பசையும் டைல்ஸுமாக அரை அங்குலம் ஏறினால் கதவடியில் மிஞ்சுவது ஓர் அங்குலம். இனிமேல் வாட்டம் வேண்டுமென்றால் கதவுப் பக்கத்தை உயர்த்த வேண்டும், அப்படிச் செய்தால் தண்ணீர் கூடத்துக்கு வரும். இல்லையேல் வடிகால் பக்கத்தை உடைத்துத் தாழ்த்த வேண்டும். ஒப்பந்தக்காரர் இரண்டையும் செய்யவில்லை. நீளத் தொட்டி புதைகிற அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் கொத்திவிட்டு, மற்ற இடத்தில் பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிட்டார். "உடைக்க வேண்டாம்" என்று அவர் சொன்னபோதே வாட்டம் கையை விட்டுப் போய்விட்டது, எனக்குத்தான் அது காதில் விழவில்லை.

இந்த விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: நீள வடிகாலின் ஒரே பெரிய சௌகரியம், தரை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் போதும் என்பதுதான். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தது போல. அதனால்தான் பெரிய டைல்ஸை வெட்டாமல் போடலாம். சதுர ஜாலி என்றால் இரண்டு பக்கமிருந்தோ நான்கு பக்கமிருந்தோ சரிய வேண்டும். சரிவுகள் சந்திக்கிற கோட்டில் பெரிய டைல்ஸ் வளையாது. அங்கே மூலைவிட்டமாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சின்ன டைல்ஸ் போட வேண்டும். ஆனால் ஒரே சாய்வு வேலை செய்ய வேண்டுமானால் வடிகால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். எங்கள் சுவர் 5 அடி, வடிகால் 2 அடி, அதையும் நட்ட நடுவில் வைத்திருந்தார். இரு புறமும் ஒன்றரை அடிச் சுவரோரம் வெறுமனே மட்டமாகக் கிடந்தது. அங்கே வந்து சேர்ந்த தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து வடிகாலுக்குப் போக அதற்கு ஒரு சரிவும் இல்லை. கோலிக்குண்டு மூலையில் உட்கார்ந்த ரகசியம் அதுதான். பக்கவாட்டிலும் சரிவு கொடுத்திருந்தால் நின்றிருக்காது. ஆனால் அதற்கு டைல்ஸை வெட்டியாக வேண்டும். வெட்டுவதென்றால் சதுர ஜாலியே போதுமே, எதற்கு இந்த நீளம்?

வேகமாக இழுக்கும் என்ற பேச்சும் வெறும் பேச்சு. தண்ணீர் போகிற வேகத்தை முடிவு செய்வது மேலே தெரிகிற ஜாலியின் நீளம் அல்ல, கீழே போகிற குழாய். தொட்டியை உடைத்தபோது தெரிந்தது. சாக்கடைக் குழாயின் பழைய வாய் மூலையில் இருக்க, நடுவில் இருந்த தொட்டியிலிருந்து அதுவரை ஒன்றரை அங்குலக் குழாயைப் படுக்கப் போட்டிருந்தார், அதற்கும் வாட்டமில்லை. இரண்டு அங்குலக் குழாயாவது இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு நானி டிராப் என்று பிளம்பர்கள் சொல்கிற பழைய நீர்ப்பூட்டையும் தட்டிக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் ரப்பர் மடல் ஒன்றைச் செருகியிருந்தார். பழையதில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்று சாக்கடை நாற்றத்தை மறித்துக்கொண்டிருந்தது. ரப்பர் மடலில் ஒரு முடி சிக்கினாலும் வாய் மூடாது. மூன்றாம் வாரத்திலிருந்து ராத்திரியில் கரப்பான் வரத் தொடங்கியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஜாலிக்கு வருகிறேன். எங்களுக்குக் குடிக்க ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும், குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். டைல்ஸ் ஒட்டிய ஜாலியில் தண்ணீர் இறங்குவதற்கு ஓரத்தில் ஒரு மெல்லிய இடுக்கு மட்டும் உண்டு, எங்களுடையதில் நான்கு மில்லிமீட்டர். முடியும் சோப்பும் உப்பும் சேர்ந்து அதை ஒரே மாதத்தில் சுண்ணாம்பு பூசியது போல் அடைத்துவிட்டன. எடுத்துச் சுத்தம் செய்யலாமென்றால் தூக்குவதற்குக் கொக்கி கொடுக்கவில்லை. திருப்புளியால் நெம்பினேன், டைல்ஸ் ஓரம் பெயர்ந்தது. அந்தத் துண்டைச் சுற்றியுள்ள தரையைவிட ஒரு நூல் தாழ்வாக வைக்க வேண்டும். இவர் பசையை அதிகமாக அப்பியதால் அது மேடாக நின்று, வருகிற தண்ணீரையும் திருப்பி அனுப்பியது. உப்புத் தண்ணீர் வீட்டுக்கு ஓட்டை தெரிகிற, கையால் தூக்கி எடுக்க முடிகிற சாதாரண எவர்சில்வர் ஜாலிதான் சரி. அழகு கொஞ்சம் குறைவு.

எவர்சில்வரிலும் ஒரு தந்திரம் உண்டு. 304 ரகம் என்று சொல்லி 202 ரகத்தைத் தள்ளிவிடுகிறார்கள். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று கடைக்காரர் காட்டினால் மயங்காதீர்கள், இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், ஈரத்தில் சீக்கிரம் கறை பிடிக்கும். ரகம் பார்க்கும் சோதனைத் திரவம் ஒரு துளி விட்டால் 202 சிவந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் 304-ஆகவே இருந்தாலும் ஆசிட் ஊற்றிக் கழுவினால் புள்ளி விழத்தான் செய்யும்.

கடைசியில் ஷவர் பக்கம் 3 அடியையும் பழைய தரையோடு சேர்த்து உடைத்தோம். நீர்ப்பூட்டு பழைய மூலைக்கே திரும்பியது, 6 அங்குலச் சதுர ஜாலியும் கூடவே வந்தது. 5 அடி அகலத்துக்கு ஓர் அங்குலம் வாட்டம். அதே ஓர் அங்குலம் 3 அடி நீளத்திலும் இறங்கியது. சரிவுகள் சந்திக்கிற கோட்டில் மட்டும் ஓரடி டைல்ஸை மூலைவிட்டமாக வெட்டினார். கலவை போட்டதும் டைல்ஸ் ஒட்ட விடவில்லை. மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "போய்க் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்" என்றார். கால் மணி நேரம் கழித்து வந்தபோது கலவை ஈரமாக இருந்தது, தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. டைல்ஸ் ஒட்டும்போது 3 அடி ரசமட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஓர் அங்குல மரத்துண்டைக் கட்டி வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு வரிசைக்கும் பார்த்தார். அகலவாட்டுச் சரிவை ஜாலிப் பக்கம் தாழும்படி குழாய் மட்டத்தாலேயே சரிபார்த்துக்கொண்டார். இதற்கு எனக்கு இன்னும் 38,000 ரூபாய்.

நீள வடிகாலே கூடாது என்று சொல்ல மாட்டேன். புது வீடு, குளியலறைத் தளம் முதலிலேயே தாழ்த்திப் போட்டது, சுவர் முழுக்க வடிகால் ஓடும், நீர்ப்பூட்டை வேண்டிய இடத்தில் வைக்கலாம், குளிக்க நல்ல தண்ணீர் என்றால் தாராளமாக வையுங்கள். பழைய வீட்டில், மூலை நீர்ப்பூட்டை நகர்த்த முடியாத மாடிக் குளியலறையில், உடைக்காமல் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அங்கே அது வேண்டாம்.

முதல் ஒப்பந்தக்காரரிடம் பணம் கேட்டுப் போனேன். மதிப்பீட்டுத் தாளை விரித்து, "வாட்டம் என்று இதில் எங்கே அண்ணாச்சி எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். பார்த்தேன். டைல்ஸ் பெயர், எண்ணிக்கை, நிறம், பசை மூட்டை எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் இந்த வரியை எழுதி வாங்குங்கள்: "குளிக்கும் பகுதியில் அடிக்குக் கால் அங்குல வாட்டம்; டைல்ஸ் ஒட்டும் முன்பும் ஒட்டிய பின்பும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரத்தில் எங்கும் தேங்காமல் வடிந்தால் மட்டுமே கடைசித் தவணை."