கதைத் தொகுப்பும் எழுதியவர் குறிப்பும்: மதிப்பெண் இட இரண்டு வழிகள்

மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் நடக்கும் ஒரு மாலைத் தமிழ் வகுப்பில், ஆண்டு முடிவில் மாணவர் தம் மூன்று கதைகளையும், பழைய வரைவுகளையும், எழுதியவிதம் பற்றிய ஒரு சிந்தனைக் குறிப்பையும் தருவார்கள். இதை முழுதாகப் படித்து ஒரே மதிப்பெண் இடுவது ஒரு வழி. கதைக்கு 60, குறிப்புக்கு 40 எனப் பிரித்து, குறிப்பையும் தலா 10 மதிப்பெண்ணுள்ள நான்கு கூறுகளாக்கி இடுவது இன்னொரு வழி.

முதல் வழி விரைவானது, கதையின் உயிரையும் தவறவிடாது. ஆனால் நல்ல கதையின் ஒளி சாரமற்ற குறிப்பின்மேலும் விழுந்துவிடும். ஒரு மாணவர், "படர்க்கையில் எழுதியதால் வாசகருக்கு ஆழமான உணர்வு கிடைக்கிறது" என்று எழுதியிருந்தார். எந்தக் கதைக்கும் ஒட்டவைக்கக்கூடிய வரி. கதை அருமை என்பதால் நான் 82 போட்டுவிட்டேன்.

மற்றொருவரின் கதை சுமார்தான். அதே வழியில் அதற்கு 64. அவர் குறிப்பிலோ இப்படி இருந்தது: "முதல் வரைவில் பாட்டி, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வாள். அதை வெட்டி, மூன்றாம் வகுப்புச் சூறாவளி எச்சரிக்கை வந்தபின் அவள் மெழுகுவர்த்திகளை மூன்று முறை எண்ணுவதாக மாற்றினேன். 'லாபுட்டிக்' என்ற கிரியோல் சொல்லைக் கடை என்று திருத்தவில்லை. பாட்டி அப்படித்தான் பேசுவாள். கடைசிப் பத்தியில் பேத்தி எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறாள், அந்த வரியை எடுக்க மனம் வரவில்லை, அது குறைதான்." வரைவைப் புரட்டிப் பார்த்தேன், மூன்றும் அப்படியே இருந்தன. குறிப்பின் வாக்கியத்தை வரைவிலும் இறுதி வடிவத்திலும் விரல்வைத்துக் காட்ட முடிகிறதா என்பதே என் சோதனை.

கூறுவாரியாகப் பார்த்தபோது, நுட்பத்தைப் பெயரிடல், வரைவிலிருந்து சான்று, விளைவு, தன் குறையை அறிதல் என்ற நான்கில் முதலாமவர் 8, 3, 4, 2 என 17 பெற்றார். இரண்டாமவர் 7, 9, 8, 9 என 33. கதைக்கு முறையே 48, 36. கூட்டினால் முதலாமவருக்கு 65, இரண்டாமவருக்கு 69. வரிசை தலைகீழாயிற்று. அதே மதிப்பீட்டைக் கதைக்கு 70, குறிப்புக்கு 30 என எடையிட்டால் முதலாமவருக்கு 68.75, இரண்டாமவருக்கு 66.75, மறுபடியும் முதலாமவரே முன்னால்.

எனவே கூறுவாரி முறையையே தேர்கிறேன் என்றாலும், அதன் நேர்மை எடையில் இருக்கிறது. அதைத் தொகுப்பு வாங்குமுன்பே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும், பின்னால் முடிவைப் பார்த்து மாற்றக் கூடாது. இதற்கும் ஓர் ஓட்டை உண்டு: கலைச்சொற்களை மனப்பாடமாகக் கொட்டுகிறவர் முதல் கூறில் எளிதாக 8 வாங்கிவிடுகிறார், மேலே பார்த்ததுபோல. அதனால் அந்தக் கூறை 5-க்குக் குறைத்து, சான்றை 15 ஆக்கியிருக்கிறேன். கதைகளைப் படித்து மதிப்பெண்ணைப் பேனாவால் எழுதிய பிறகே குறிப்பின் உறையைத் திறக்கிறேன்.