எஸ்க்ரோவில் போட்ட பணம் "டெலிவரி" என்ற ஒரு சொல்லில் போய்விட்டது

பயன்படுத்திய சிஎன்சி லேத் ஒன்றை வாங்கினோம். தொகை பெரியது என்பதால், நிபந்தனை நிறைவேறும் வரை பணத்தை ஒரு மூன்றாம் நிறுவனம் பிடித்து வைத்திருக்கும் எஸ்க்ரோ வழியாகவே பணம் கட்டினோம். எஸ்க்ரோ நிறுவனம் போலியானது இல்லை, முறையான நிறுவனம்தான். ஆனாலும் பணம் போய்விட்டது.

ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை இதுதான்: டெலிவரி ஆன நாளிலிருந்து 5 நாள் பரிசோதனைக் காலம். அதற்குள் வாங்குபவர் எஸ்க்ரோ கணக்கில் ஆட்சேபம் பதியாவிட்டால், பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதி விற்பவருக்குப் பணம் போகும்.

விற்பவர் மெஷினை இரண்டு பெட்டிகளில் அனுப்பினார். முதலில் வந்தது வெறும் உடல். கன்ட்ரோலரும் சர்வோ டிரைவ்களும் இரண்டாவது பெட்டியில். முதல் பெட்டிக்கு எங்கள் வாட்ச்மேன் போட்ட கையெழுத்தை டெலிவரி சான்றாக எஸ்க்ரோ கணக்கில் ஏற்றிவிட்டார். கெடு அன்றே ஓட ஆரம்பித்துவிட்டது. விற்பவரைக் கேட்டால், "மீதியும் வரட்டும் சார், ஓட்டிப் பார்த்துட்டே சொல்லுங்க" என்று மெயில் போட்டார். எவ்வளவு தங்கமான மனுஷர்!

இரண்டாவது பெட்டி கெடு முடிந்த பிறகு வந்தது. மாட்டி ஓட்டினால் ஸ்பிண்டில் பேரிங் கத்துகிறது. பெயர்ப்பலகையில் இருக்கும் சீரியல் எண் ஒப்பந்தத்தில் உள்ளது இல்லை. எஸ்க்ரோ நிறுவனத்திடம் போனால், "நிபந்தனை நிறைவேறியது, பணம் விடுவிக்கப்பட்டது. விற்பவர் உங்களுக்குத் தனியாக அனுப்பிய மெயில் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று பதில். அவர்கள் பொருளைப் பார்ப்பதே இல்லை, காகிதத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் "டெலிவரி" என்ற சொல்லை விடுவிப்பு நிபந்தனையில் தனியாக நிற்க விடாதீர்கள். கடைசிப் பெட்டியும் வந்து, மெஷின் நிறுவப்பட்டு, மின்சாரம் கொடுத்த பிறகுதான் பரிசோதனைக் காலம் தொடங்கும் என்று எழுதச் சொல்லுங்கள். சீரியல் எண் ஒத்துப்போக வேண்டும், ஒரு மாதிரி வேலைத்துண்டைக் கடைந்து அளவு சரியாக வர வேண்டும், இந்த இரண்டும் குறிக்கப்பட்ட ஏற்புச் சான்றில் வாங்குபவர் பெயர் குறிப்பிட்டு நியமித்த ஆள் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் வந்தால்தான் பணம். பேசாமல் இருந்தால் சம்மதம் என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். இதற்கு விற்பவர் பயப்படுவது நியாயம், வாங்குபவர் கையெழுத்தே போடாமல் இழுக்கலாம். அதனால் ஒரு கடைசித் தேதியும், தகராறு வந்தால் மெஷினைச் சோதிக்க இருவரும் முன்பே ஒப்புக்கொண்ட ஒரு மூன்றாம் நபரும் இருக்கட்டும். ஆட்சேபம் பதிந்த நிமிடமே பணம் உறைய வேண்டும், திருப்பி அனுப்பும் லாரி வாடகை யார் தலையில் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

உங்களுக்கு இப்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கிறதா? விற்பவரின் இனிப்பான மெயிலை நம்பாதீர்கள். கெடுவை நீட்டிக்க எஸ்க்ரோ கணக்குக்குள்ளேயே இருவரும் ஒப்புதல் கொடுங்கள். அவர் மறுத்தால், "சரக்கு முழுமையாக வரவில்லை" என்று அன்றைக்கே ஆட்சேபம் பதியுங்கள்.