5 லட்சமா, 3 லட்சமா? போட்டோவில் வந்த இரண்டு பாலிசி ஷெட்யூல்கள்

நண்பர் ஒருவர் இரண்டு மருத்துவக் காப்பீட்டு ஷெட்யூல்களை, அதாவது பாலிசியின் முக்கிய விவரங்கள் இருக்கும் தாள்களை, போட்டோ எடுத்து அனுப்பி, அப்பாவுக்கு எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அப்பாவுக்கு வயது 58, சர்க்கரை உண்டு, ஹெர்னியா அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தாள் நாலு வருடமாக ஓடும் பாலிசி. இரண்டாவது, புதிதாக எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது.

எல்லார் கண்ணும் முதலில் போவது காப்பீட்டுத் தொகைக்கு. முதல் தாளில் 7.5 லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, இரண்டாவதில் 3 லட்சம். ஆனால் அந்த 7.5-இல் அடிப்படைத் தொகை 5 லட்சம்தான், மீதி 2.5 லட்சம் கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குச் சேர்ந்த போனஸ். இதைப் பிரித்துப் பார்க்கக் காரணம் உண்டு. அதே தாளில் கீழே அறை வாடகை ‘நாளுக்கு 1%’ என்று இருக்கிறது, அந்த ஒரு சதவீதம் பெரும்பாலும் அடிப்படைத் தொகைக்குத்தான், போனஸுக்குச் சேராது. ஆக 7,500 இல்லை, 5,000.

சரி, 8,000 வாடகை அறையில் ஐந்து நாள் இருந்தால், கூடுதல் 3,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதுமே என்றுதான் தோன்றும். பாலிசியில் விகிதாசாரக் கழிவு இருந்தால் அப்படி நடக்காது. மொத்த பில் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்: அறை 40,000, மருந்து 60,000, மருத்துவர், தியேட்டர் கட்டணங்கள் 2 லட்சம். அறைக்கு 25,000 கிடைக்கும். அப்புறம் 5,000-க்கு 8,000 என்ற அதே விகிதத்தில் அந்த 2 லட்சமும் 1.25 லட்சமாகக் குறையும். மருந்தில் பொதுவாக இந்த வெட்டு விழாது. மொத்தம் 2.10 லட்சம். அதற்கும் மேல், ஷெட்யூலின் ஓரத்தில் கோ-பே 20% என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, கிளெய்ம் தொகையில் நாமே ஏற்க வேண்டிய பங்கு அது, அதில் 42,000 போய்க் கையில் வருவது 1.68 லட்சம். காப்பீட்டுத் தொகை 7.5 லட்சம், பில் 3 லட்சம், ஆனாலும் 1.32 லட்சம் சொந்தப் பணம்!

இரண்டாவது தாளில் அறை வாடகைக்கு வரம்பு இல்லை, கோ-பேயும் இல்லை. அதே பில்லுக்கு, கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் செலவுகளைக் கழித்தால் ஏறக்குறைய முழுப் பணமும் வரும். காகிதத்தில் பார்த்தால் 3 லட்சம்தான் பெரியது.

ஆனால் ஹெர்னியாவுக்கு அது இப்போது சல்லிக்காசு தராது. ‘குறிப்பிட்ட நோய்கள்: 24 மாதம்’ என்ற காத்திருப்புக் கால வரிக்குள் ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று எல்லாம் அடங்கும், மூன்று மாதம்தானே ஆகியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு, அதாவது சர்க்கரைக்கு, 36 மாதம். ஒரு சிகிச்சை இரண்டு வரிக்குள்ளும் வந்தால் நீளமான காலம்தான் பொருந்தும். இந்த எண்ணிக்கை தொடங்குவது முதல் பாலிசி எடுத்த நாளிலிருந்து, இந்த வருடம் புதுப்பித்த நாளிலிருந்து அல்ல. ஷெட்யூலில் இரண்டு தேதியும் இருக்கும், போட்டோவில் பலர் தவறான தேதியைப் பார்த்துத்தான் பயந்துபோகிறார்கள். நடுவில் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். அதற்கு முந்தைய வருடத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

விலக்குகள் வேறு ரகம். காத்திருப்பு என்றாவது முடியும், நிரந்தர விலக்கு முடியாது. அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சை போன்ற பொதுவான விலக்குகள் ஷெட்யூலில் இருக்காது, பாலிசி விதிமுறைப் புத்தகத்தில்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கென்றே போடும் விலக்கு ஷெட்யூலில் அவர் பெயருக்கு எதிரே வரும். நண்பர் அனுப்பிய இரண்டாவது போட்டோவில் அப்பா பெயர் இருந்த வரியின் கடைசிக் கட்டம் பாதியோடு வெட்டுப்பட்டு, ‘வலது முழங்கால் தொடர்பான’ என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஊகிப்பது ஆபத்து. தாளின் நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுத்து, படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். படமாக அனுப்பினால் சுருங்கி, 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும்.

பழைய பாலிசிக்கு நாலு வருடம் ஆகிவிட்டதால் காத்திருப்பு முடிந்துவிட்டது, எனவே என் கணக்கில் ஹெர்னியாவுக்கு அதுதான், 5,000-க்குள் அறை எடுத்தால். அப்போது விகிதாசார வெட்டு இல்லை, மற்ற கட்டணங்கள் அதே அளவில் இருந்தாலும் பில் 2.85 லட்சம், 20% போக 2.28 லட்சம் வரும். புதியதையும் விட வேண்டாம். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது தாளில் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தால், அதை இப்போதே எழுத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்வது நல்லது.